அரிக்காத தேமல்

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காலை ஓ.பி. நேரத்தில் வரிசையைப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் எங்கேயாவது சொறிந்துகொண்டிருப்பார்கள். படர்தாமரை, சிரங்கு, ஒவ்வாமை, வேர்க்குரு என்று அவரவர் அரிப்புக்கு அவரவர் காரணம். அரிப்பு ஒருவரைத் தூங்கவிடாது. இரண்டாவது வாரமே மருத்துவரிடம் கொண்டுவந்து நிறுத்திவிடும். அந்த வரிசையில் ஒருவர் மட்டும் சும்மா நின்றுகொண்டிருக்கிறார் என்றால், அனுபவமுள்ள மருத்துவர் அவரைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார். பெரும்பாலும் அவர் வேறு எதற்கோ வந்திருப்பார். பாதத்தில் ஆறாத புண், கையில் தீக்கொப்புளம், விரலில் சின்ன மரமரப்பு என்று ஏதாவது சொல்வார். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய தேமல் இருப்பதைக் கடைசியில், கேட்டால்தான் சொல்வார். "அதுவா, அது ரெண்டு வருஷமா இருக்குங்க. ஒண்ணும் பண்ணல."

ஒன்றும் பண்ணாததுதான் அதன் அடையாளம். தோலில் சுற்றியுள்ள நிறத்தைவிடச் சற்று வெளிறிய, அல்லது செம்பு நிறத்தில் சிவந்த ஒரு திட்டு. அந்த இடத்தில் மட்டும் தொட்டால் தெரியவில்லை, சூடு உறைக்கவில்லை, குத்தினால் வலிக்கவில்லை. இப்படி உணர்ச்சி போன தேமல் தொழுநோயின் முதல் அறிகுறியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். தோலை வெளிறச் செய்யும் நோய்கள் நிறைய உண்டு. தேமலும் கொடுத்து, அந்தத் தேமலுக்குள் உணர்ச்சியையும் பறிக்கும் நோய் என்றால் மருத்துவர் மனதில் முதலில் வருவது இதுதான்.

தொழுநோயா, இன்னுமா இருக்கிறது என்று கேட்பவர்கள் பலர். 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற அளவை இந்தியா தேசிய அளவில் 2005 டிசம்பரில் எட்டியது. அதை 'ஒழித்துவிட்டோம்' என்று பலரும் படித்துக்கொண்டார்கள். நோய் அப்படிப் படித்துக்கொள்ளவில்லை. 2023இல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,82,000 பேர். அவர்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். மறந்துபோன நோய் என்பதால், நோயாளிக்கு மட்டுமல்ல, சில நேரம் மருந்து எழுதுபவருக்கும் அது உடனே நினைவுக்கு வருவதில்லை.

தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் பல நோயாளிகளின் கதைகளைச் சேர்த்துக் கட்டினால் இப்படி ஒருவர் கிடைப்பார். வயது 34. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் டீ மாஸ்டர். வலது முழங்கைக்கு மேலே தேமல் வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் காட்டினார். படைக்குப் போடும் களிம்பு கொடுத்தார்கள். போட்டார், போகவில்லை. வேறு களிம்பு கொடுத்தார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததால் ஓரங்களின் சிவப்பு கொஞ்சம் மங்கியது. குணமாகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் மறந்தே போனார். ஒருநாள் கொதிக்கும் பால் பாத்திரத்தின் விளிம்பில் சுண்டுவிரல் பட்டுக் கொப்புளம் வந்திருக்கிறது. கொப்புளத்தைப் பக்கத்தில் நின்ற பையன்தான் முதலில் பார்த்தான். மாஸ்டருக்குச் சுட்டதே தெரியவில்லை. டம்ளரைத் தொட்டால் தொடுகிறோம் என்று தெரிகிறது, ஆனால் சூடு மட்டும் தெரியவில்லை. இது அவருக்குப் புதிராக இருந்தது.

மருத்துவத்தில் அது புதிரல்ல. தோலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு நார்களில் மெல்லியவை சூட்டையும் குளிரையும் வலியையும் சுமக்கின்றன. தடித்தவை தொடுதலைச் சுமக்கின்றன. மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற தொழுநோய்க் கிருமி பெரும்பாலும் முதலில் சிதைப்பது மெல்லிய நார்களை. அதனால்தான் சூடு குளிர் தெரிவது முதலில் போகிறது, மற்றவை பிறகு. 'தொட்டால் தெரிகிறதே, அப்படியானால் ஒன்றுமில்லை' என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்புகளும் மெல்லியவையே. மற்ற இடமெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, அந்தத் தேமல் மட்டும் வறண்டு கிடக்கும். அதன் மேலிருந்த முடியும் உதிர்ந்துபோயிருக்கும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைவிட அடுப்படியில் நிற்பவருக்கு இது எளிதாகக் கண்ணில் படும்.

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் 1873இல் இந்தக் கிருமியைக் கண்டார். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அதைச் சோதனைக்கூடத்துத் தட்டில் வளர்க்க யாராலும் முடியவில்லை. அவ்வளவு மந்தமான கிருமி. மற்ற பாக்டீரியாக்கள் பல இருபது முப்பது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இது பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் உடலுக்குள் போய் அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகிறது. 'எனக்கு யாரிடமிருந்து வந்தது?' என்று நோயாளி கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே.

சூடான இடம் இந்தக் கிருமிக்கு ஆகாது. காதுமடல், மூக்கு, முழங்கை, முழங்கால், கை கால்கள் என்று உடலின் குளிர்ந்த பகுதிகளைத் தேடிப் போகிறது. அங்கே நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது. முழங்கையின் உட்புறம் எலும்பில் எதேச்சையாக இடித்தால் சுண்டுவிரல் வரை 'ஷாக்' அடிக்குமே, அந்த இடத்தில் அல்நார் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. குளிர்ந்த இடம், அதோடு ஒரு குறுகலான எலும்புப் பள்ளம். கிருமியை எதிர்த்து உடல் போராடும்போது நரம்பு வீங்குகிறது. வீங்க இடமில்லாமல் தனக்குத்தானே நெரிபடுகிறது. சேதத்தில் பெரும்பங்கு கிருமியால் நேராக வருவதல்ல, இந்தப் போராட்டத்தால் வருவது. தோலின் தேமல் அழகைத்தான் கெடுக்கும். நரம்புத் தடியில் நடப்பது கையையே கெடுத்துவிடும்.

டீ மாஸ்டர் தோல் பிரிவுக்கு வந்தபோது மருத்துவர் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "சட்டையைக் கழற்றுங்க, வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். மாஸ்டருக்குக் கூச்சம். "கையில மட்டும்தான் மேடம்." முதுகில் மூன்று, இடுப்பில் இரண்டு, தொடையில் ஒன்று என்று இன்னும் ஆறு மங்கலான தேமல்கள் இருந்தன. முதுகை யார் பார்க்கிறார்கள்? ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்ப்பது இந்தப் பரிசோதனையின் முதல் படி. டியூப் லைட் வெளிச்சத்தில் மங்கலான தேமல் தோலோடு தோலாகக் கலந்துவிடும்.

அடுத்தது உணர்ச்சிச் சோதனை. கருவி மிகச் சாதாரணம்: திரித்த பஞ்சின் நுனி, அல்லது பால்பாயின்ட் பேனாவின் முனை. ஆனால் செய்கிற விதத்தில் விஷயம் இருக்கிறது. முதலில் கண்ணைத் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் தொட்டு, "இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை உங்க விரலால காட்டணும்" என்று பழக்கிக்கொள்கிறார். பிறகு கண்ணை மூடச் சொல்கிறார். நல்ல தோலில் ஒரு தொடுதல், தேமலில் ஒன்று, சில நேரம் தொடாமலே ஒரு இடைவெளி. "தெரியுதா?" என்று கேட்பதில்லை. கேட்டால், மருத்துவரைத் திருப்திப்படுத்தவாவது பெரும்பாலானோர் "தெரியுது" என்பார்கள். பஞ்சைத் தோலில் இழுப்பதும் கூடாது. இழுத்தால் பக்கத்துத் தோல் அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். மாஸ்டரின் விரல் நல்ல தோலில் ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்குப் போனது. தேமலைத் தொட்டபோது விரல் எழவேயில்லை. சூடும் குளிருமான தண்ணீர் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றி வைத்தபோது இரண்டையும் ஒன்றுபோலவே சொன்னார்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. முகத்தில் நரம்புகள் நெருக்கமாக ஓடுவதால், அங்கே வரும் தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மிச்சமிருக்கலாம். சிறு குழந்தைகள் இந்த விளையாட்டுக்கு ஒத்துழைக்க மாட்டார்கள். நோயின் இன்னொரு வகையில் தேமலே தெளிவாகத் தெரியாது; தோல் பளபளப்பாகத் தடிக்கும், காதுமடல் தடித்து முண்டு முண்டாகும், புருவத்தின் வெளிப்பக்க முடி உதிரும், உணர்ச்சியோ வெகுநாள் அப்படியே இருக்கும். கிருமி மிக அதிகமாக இருப்பது இந்த வகையில்தான். ஆகவே உணர்ச்சி போயிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. போகவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகமான இடங்களில் காதுமடலிலும் தேமலிலும் சிறு கீறல் போட்டு எடுக்கும் திசுநீரை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பயாப்சி செய்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். மார்பிலும் முதுகிலும் தவிட்டுச் செதிலோடு பரவும் சாதாரணத் தேமல் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. உணர்ச்சி முழுதாக இருக்கும், களிம்புக்கு அடங்கும். பிள்ளைகளின் கன்னத்தில் வெயில் காலத்தில் தெரியும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வறட்சியால் வருவது. வெண்புள்ளியில் நிறம் பால் வெள்ளையாக அடியோடு போய்விடும், உணர்ச்சி போகாது. அதற்கும் தொழுநோய்க்கும் எந்த உறவும் இல்லை, தொற்றவும் தொற்றாது. தொழுநோய்த் தேமல் வெளிறுமே தவிர அப்படி முழு வெள்ளையாவதில்லை. தேமலே இல்லாமல் வரும் மரமரப்புக்கு வேறு காரணங்கள் பல. சர்க்கரை நோயில் இரண்டு பாதமும் ஒன்றுபோல மரத்துப்போகும்.

வெறும் மரமரப்பை வைத்து மட்டும் முடிவுசெய்வதில் எவ்வளவு பெரியவரும் தடுமாறலாம் என்பதற்கு டாக்டர் பால் பிராண்டின் அனுபவம் ஒன்று உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்து, மடங்கிப்போன தொழுநோய்க் கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தவர். நீண்ட பயணத்துக்குப் பிறகு லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்றே அந்த இரவைக் கழித்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலியில் கத்தினார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததால் நரம்பு அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார்.

தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவரும் அவரே. நோயாளிகளின் கைகளை நாள்தோறும் கூர்ந்து பார்த்ததில், அந்தச் சதை மற்றவர்கள் சதையைப் போலவே ஆறுகிறது என்று கண்டார். விரல் தேய்வதற்குக் காரணம் வலி இல்லாமை. சுடு பாத்திரத்தை விடாமல் பிடிப்பது, துருப்பிடித்த சாவியை எலும்பு தெரியத் திருகுவது, செருப்புக்குள் கிடக்கும் ஆணியோடு நாள் முழுக்க நடப்பது என்று காயம் மேல் காயமாகச் சேர்கிறது. இரவில் காரணம் தெரியாமல் விரல்கள் குறைந்துபோன நோயாளிகளைக் கண்காணித்தபோது, தூக்கத்தில் எலி கடிப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் பூனைக்குக் கிடைத்த அபூர்வமான மரியாதை.

மாஸ்டருக்கு வருவோம். தோலைப் பார்த்து முடித்த மருத்துவர் நரம்புகளைத் தடவிப் பார்த்தார்: கழுத்தின் பக்கவாட்டில், முழங்கை உட்புறத்தில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில், கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால். வலது முழங்கை நரம்பு இடதைவிடத் தடித்திருந்தது. லேசாக அழுத்தியதுமே மாஸ்டர் முகம் சுளித்தார். பிறகு சுண்டுவிரலை வெளிப்பக்கம் விலக்கச் சொல்லி அதை எதிர்த்துத் தள்ளினார். இடது கை தாங்கியது, வலது கை விட்டுக்கொடுத்தது. "டம்ளர் அடிக்கடி கை நழுவுதா?" "ஆமா மேடம், ஒரு மூணு மாசமா. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்."

அந்த மூன்று மாதம் என்ற பதில்தான் அவர் கையைக் காப்பாற்றியது. நரம்புச் சேதம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பலமும் உணர்வும் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் நரம்பின் இடத்தில் தழும்பு விழத் தொடங்குகிறது. மருந்து கிருமியைக் கொல்லும், கையை மீட்டுத் தராது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கியாக மடங்கியபின் பிசியோதெரபியும் அறுவை சிகிச்சையும்தான் மிச்சம். சிலருக்கு வலியே இல்லாமல் இந்தச் சேதம் நடக்கும் என்பது இன்னும் மோசம்.

அவருக்கு இரண்டு சிகிச்சைகள் ஒன்றாகத் தொடங்கின. நரம்பு வீக்கத்துக்குப் பிரெட்னிசலோன்: நாளுக்கு 40 மி.கி.யில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகக் குறைத்து 12 வாரத்தில் முடிப்பது வழக்கமான முறை. சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் எல்லாம் பார்த்த பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் எடுக்கவேண்டியது இது. கிருமிக்குக் கூட்டு மருந்து. ஐந்து தேமலுக்கு மேல் இருப்பதால் அவர் 'பல கிருமி' வகை. 12 மாதம் சாப்பிட வேண்டும். ஐந்துக்குள் இருந்து, கீறல் சோதனையில் கிருமி தெரியாவிட்டால் 6 மாதம் போதும். மூன்று மருந்துகள் ஒரே அட்டையில் மாதவாரியாக வருகின்றன, அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாக. மாதம் ஒருநாள் ரிஃபாம்பிசின் 600 மி.கி.யும் க்ளோஃபசிமின் 300 மி.கி.யும் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். தினமும் டாப்சோன் 100 மி.கி., க்ளோஃபசிமின் 50 மி.கி. வீட்டில்.

அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நடுவில் நிறுத்துவது தவிர்க்கப்படும். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தமல்ல. க்ளோஃபசிமினால் தோல் கருக்கும், மருந்து முடிந்தபின் மெல்லத் தெளியும். அலட்சியம் கூடாதது டாப்சோன் விஷயத்தில். முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்போ மஞ்சள் காமாலையோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "கடையில தெரிஞ்சா வேலை போயிடுமே?" நியாயமான பயம்தான். நோயாளிகளைப் பிரித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. சட்டப் புத்தகமே இவ்வளவு தாமதம் என்றால் டீக்கடை பெஞ்சைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் உண்மை நிலவரம் வேறு. பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. சிகிச்சை பெறாதவரின் மூக்கிலிருந்து வரும் துளிகள் வழியாக, நீண்ட நாள் நெருங்கிப் பழகுகிறவர்களுக்கே பெரும்பாலும் தொற்றுகிறது. மருந்து தொடங்கியவுடன் பரப்பும் திறன் விரைவில் போய்விடுகிறது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே டீ ஆற்றலாம், குழந்தையைத் தூக்கலாம். சூட்டிலிருந்து அவர் கையைக் காக்க மரப்பிடி போட்ட பாத்திரமும் கைத்துணியும் வேண்டும், கடை முதலாளி செய்யவேண்டியது அதுதான்.

வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். அவர்களுக்கும் அதே பகல் வெளிச்சப் பரிசோதனை. நோய் அறிகுறி இல்லாத தொடர்பாளர்களுக்கு, தகுதியைப் பார்த்து, ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் முறை இப்போது நடைமுறையில் இருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை அது பாதிக்கும் மேல் குறைத்தது. முழுக் காப்பு அல்ல. ஆகவே புதிதாகத் தேமல் வந்தால் காட்டத்தான் வேண்டும்.

மருந்து முடிந்தபோது மாஸ்டரின் சுண்டுவிரல் பலம் ஏறக்குறைய பழையபடி திரும்பியிருந்தது. முழங்கைக்கு மேலிருந்த தேமல் நிறம் கொஞ்சம் தேறினாலும், நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. அது நோய் மிச்சமிருப்பதன் அடையாளமல்ல, அழிந்த நரம்பு நுனிகள் திரும்பவில்லை, அவ்வளவே. அதற்காக மருந்தை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் மருந்து முடிந்தபிறகும், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்தும், செத்த கிருமியின் மிச்சங்களை எதிர்த்து உடல் திடீரென்று கொந்தளிப்பதுண்டு. பழைய தேமல் சிவந்து வீங்குவது, முழங்கையில் வலி, புதிதாக விரல் பலம் குறைவது, காய்ச்சலோடு தோலில் வலிக்கும் முடிச்சுகள், கண் சிவந்து வலிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் சில நாட்களுக்குள் வரவேண்டும் என்று அவர் சீட்டின் பின்பக்கத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த பரிசோதனைத் தேதியும் அதிலேயே இருக்கிறது.